மாஸ்டர்மைண்ட்: கறுப்பு வெள்ளையைப் பார்த்து அடுத்த ஊகத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஈசூனில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் பள்ளி விடுமுறை நாட்களில் பலகை விளையாட்டு மேசைகள் போடுகிறோம். அதில் மாஸ்டர்மைண்ட் மேசைக்கு வரும் பெற்றோரும் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

எல்லாப் பதில்களும் வழக்கமான ஆட்டத்துக்கு: நான்கு துளை, ஆறு நிறம், ஒரே நிறம் எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, ஊதா என்ற நிறங்களைச் சுருக்கமாக சி, நீ, ப, ம, ஆ, ஊ என்று எழுதுகிறேன். ஒருவர் நான்கு நிறக் குச்சிகளை ஒரு வரிசையில் மறைத்து வைப்பார், அதுதான் ரகசியம். அதைக் கண்டுபிடிக்க மற்றவர் வைக்கும் ஒவ்வொரு வரிசையும் ஒரு ஊகம். ஒவ்வொரு ஊகத்துக்கும் ரகசியம் வைத்தவர் கறுப்பு, வெள்ளைக் குச்சிகளால் துப்பு கொடுப்பார். நிறமும் இடமும் சரியாக இருந்தால் கறுப்பு. நிறம் இருக்கிறது, ஆனால் இடம் வேறு என்றால் வெள்ளை. எந்தக் குச்சிக்கு எந்தத் துப்பு என்று சொல்லமாட்டார்கள். மொத்த எண்ணிக்கை மட்டும்தான்.

ஒரே நிறம் இரண்டு முறை வந்தால் வெள்ளையை எப்படி எண்ணுவது? எங்கள் வீட்டில் இதில்தான் சண்டை.

முதலில் கறுப்பை முழுவதும் எண்ணி முடித்துவிடுங்கள். கறுப்பு வாங்கிய குச்சியையும், ரகசியத்தில் அதற்கு நேராக இருக்கும் குச்சியையும் ஒதுக்கிவிட வேண்டும். அவற்றுக்கு இனி வேலை இல்லை. அப்புறம் மிச்சம் இருப்பவற்றில் நிறத்துக்கு நிறம் ஜோடி சேருங்கள். ஒரு குச்சி ஒரே ஒரு ஜோடியில்தான் சேரும்.

ரகசியம் நீ ம ஆ சி, ஊகம் நீ நீ ப ப என்று வையுங்கள். முதல் நீலத்துக்கு ஒரு கறுப்பு. இரண்டாவது நீலத்துக்கு எதுவும் கிடையாது, ஏனென்றால் ரகசியத்தில் இருந்த ஒரே நீலம் ஏற்கெனவே ஜோடி சேர்ந்துவிட்டது. ஆக மொத்தம் ஒரு கறுப்பு. இங்கே கூடவே ஒரு வெள்ளையும் கொடுத்துவிடுவதால்தான் பெரும்பாலான சண்டைகள் வருகின்றன.

சரிபார்க்க இன்னொரு வழி இருக்கிறது. ஒவ்வொரு நிறத்துக்கும் ரகசியத்தில் எத்தனை, ஊகத்தில் எத்தனை என்று பார்த்து, இரண்டில் சிறிய எண்ணை எடுத்துக் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகைதான் கறுப்பும் வெள்ளையும் சேர்ந்த மொத்தம். அதில் கறுப்பைக் கழித்தால் வெள்ளை. ரகசியம் நீ நீ ஆ சி, ஊகம் சி சி நீ நீ என்றால், நீலம் இரண்டுக்கு இரண்டு, சிவப்பு ஒன்றுக்கு இரண்டு. சிறிய எண்களைக் கூட்டினால் 2 + 1 = 3. ஒன்றும் நேருக்கு நேர் வரவில்லை, அதனால் மூன்று வெள்ளை. தொடக்கநிலை 3, 4 பிள்ளைகளுக்கு ஜோடி சேர்ப்பதைவிட இந்த வழி தடுமாற்றம் இல்லாமல் வருகிறது.

முதல் ஊகத்தில் நான்கு வெவ்வேறு நிறம் வைத்தால் நிறையத் தெரிந்துகொள்ளலாமே?

கேட்க அப்படித்தான் தோன்றும். ஆனால் எண்ணிப் பார்த்தால் சி சி நீ நீ போல இரண்டு நிறத்தை இரண்டிரண்டாக வைப்பது பாதுகாப்பானது.

மொத்தம் 6 × 6 × 6 × 6 = 1296 ரகசியங்கள். ஒவ்வொரு ஊகமும் இந்த 1296-ஐப் பல கூட்டங்களாகப் பிரிக்கிறது. ஒரே துப்பைத் தரும் ரகசியங்கள் எல்லாம் ஒரு கூட்டம். துப்பு வந்ததும் அந்தக் கூட்டம் மட்டும் மிஞ்சும். அதனால் ஒரு ஊகத்தை எடைபோட, அது உண்டாக்கும் மிகப் பெரிய கூட்டம் எவ்வளவு பெரியது என்று பாருங்கள். துரதிர்ஷ்டம் வந்தால் அதில்தான் மாட்டிக்கொள்வீர்கள்.

நான்கும் வெவ்வேறு நிறமாக வைத்தால் மிகப் பெரிய கூட்டத்தில் 312 ரகசியங்கள் இருக்கும். நான்கும் ஒரே நிறம் என்றால் 625, அதாவது பாதிக்குக் கொஞ்சம் குறைவு. சி சி நீ நீ என்றால் 256. அடுத்த ஊகத்தைத் தேர்ந்தெடுக்கும்போதும் இதே அளவுகோல்தான், ஆட்டம் முடியும் வரை.

துப்பு வந்த பிறகு எவையெல்லாம் மிச்சம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். மனதில் ஒரு வரிசையை நினைத்து, 'இதுதான் ரகசியம் என்றால், நான் வைத்த ஊகத்துக்கு இதே துப்பு வந்திருக்குமா?' என்று கேளுங்கள். வந்திருக்கும் என்றால் அந்த வரிசை ஆட்டத்தில் இருக்கிறது. இல்லையென்றால் போய்விட்டது. இதுவரை வைத்த எல்லா ஊகங்களுக்கும் இந்தச் சோதனையில் தேற வேண்டும், கடைசி ஊகத்துக்கு மட்டும் அல்ல.

ஒரு ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். முதல் ஊகம் சி சி நீ நீ, துப்பு மூன்று வெள்ளை. கறுப்பு இல்லை என்பதால் முதல் இரண்டு இடத்தில் சிவப்பு வராது, கடைசி இரண்டு இடத்தில் நீலம் வராது. சிவப்பு வந்தால் 3, 4-ஆம் இடத்தில்தான், நீலம் வந்தால் 1, 2-ஆம் இடத்தில்தான். மொத்தம் மூன்று ஜோடி என்பதால், ஒன்று இரண்டு சிவப்பும் ஒரு நீலமும் இருக்கும், அல்லது இரண்டு நீலமும் ஒரு சிவப்பும் இருக்கும். மீதி ஒரு இடத்தில் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, ஊதா இவற்றில் ஏதோ ஒன்று.

அப்படியானால் நான்கு அமைப்புகள்தான்: நீ ? சி சி, ? நீ சி சி, நீ நீ ? சி, நீ நீ சி ?. ஒவ்வொரு கேள்விக்குறிக்கும் நான்கு நிறங்கள். ஆக 16 ரகசியங்கள். 1296-இல் தொடங்கி ஒரே துப்பில் பதினாறுக்கு வந்துவிட்டோம். இப்படி அமைப்பாகப் பிரித்து எழுதுவதுதான் முக்கியம். பதினாறையும் தனித்தனியாக எழுதினால் கண் கலங்கிவிடும்.

அந்தப் பதினாறில் ஒன்றை வைப்பதுதானே முறை? சரியாக இருக்க வாய்ப்பே இல்லாததை ஏன் வைக்க வேண்டும்?

மேசையில் நான் அதிக நேரம் விளக்குவது இதைத்தான், ஏனென்றால் ஆட்டத்தின் உயிரே இதில் இருக்கிறது.

பதினாறில் ஒன்றான நீ ப சி சி-யை வைத்துப் பார்ப்போம். முதல் அமைப்பு நீ ? சி சி-யில் பச்சையாக இருந்தால் நான்கு கறுப்பு, ஆட்டம் முடிந்தது. மற்ற மூன்று நிறம் என்றால் மூன்று கறுப்பு. ? நீ சி சி-யில் பச்சை என்றால் இரண்டு கறுப்பு இரண்டு வெள்ளை, மற்ற மூன்றுக்கும் இரண்டு கறுப்பு ஒரு வெள்ளை. கடைசி இரண்டு அமைப்புகளிலும் பச்சை என்றால் இரண்டு கறுப்பு ஒரு வெள்ளை, மற்ற ஆறுக்கும் வெறும் இரண்டு கறுப்பு. ஆக பதினாறும் ஐந்து கூட்டமாகப் பிரிகின்றன: 1, 3, 1, 5, 6. பெரிய கூட்டம் ஆறு.

இப்போது நீ ப சி நீ வைத்துப் பாருங்கள். இது ரகசியமாக இருக்கவே முடியாது. நான்காவது இடத்தில் நீலம் இருந்தால் முதல் ஊகத்திலேயே ஒரு கறுப்பு வந்திருக்கும். ஆனாலும் அது என்ன செய்கிறது பாருங்கள். கேள்விக்குறியில் பச்சை இல்லை என்று முதலில் வைத்துக்கொண்டால்:

நீ ? சி சி என்றால் 2 கறுப்பு.
? நீ சி சி என்றால் 1 கறுப்பு, 1 வெள்ளை.
நீ நீ ? சி என்றால் 1 கறுப்பு, 2 வெள்ளை.
நீ நீ சி ? என்றால் 2 கறுப்பு, 1 வெள்ளை.

நான்கு அமைப்புக்கும் நான்கு வெவ்வேறு துப்பு! கடைசியில் வைத்த அந்த 'வீண்' நீலம்தான், நீலம் ஒன்றா இரண்டா என்று பிரித்துக் காட்டுகிறது. கேள்விக்குறியில் பச்சை இருந்தால் ஒவ்வொன்றிலும் ஒன்று கூடும்: முதல் அமைப்பு 3 கறுப்பு ஆகிவிடும், இரண்டாவது 1 கறுப்பு 2 வெள்ளை, மூன்றாவது 1 கறுப்பு 3 வெள்ளை, நான்காவது 2 கறுப்பு 2 வெள்ளை. இதில் மோதுவது ஒரே ஒரு இடத்தில், 1 கறுப்பு 2 வெள்ளையில் மட்டும்தான். ஆக ஏழு கூட்டங்கள், பெரியதில் நான்குதான்.

இந்த ஊகத்திலேயே வெல்லும் வாய்ப்பை விட்டுக்கொடுக்கிறோம், உண்மைதான். ஆனால் அது பதினாறில் ஒன்று. அதற்குப் பதிலாக ஏழு கதவு திறக்கிறது, எந்தக் கதவுக்குப் பின்னாலும் நான்குக்கு மேல் கிடையாது. மிச்சம் நிறைய இருக்கும்போது இந்தப் பேரம் நல்ல பேரம்.

நாலு மட்டும்தான் மிச்சம். இப்போதாவது ஒன்றை அடித்துப் பார்க்கலாமா?

அதே ஆட்டத்தைத் தொடர்வோம். நீ ப சி நீ-க்கு 1 கறுப்பு 2 வெள்ளை வந்தது, அந்தப் பெரிய கூட்டம். மிஞ்சியவை: ப நீ சி சி, நீ நீ ம சி, நீ நீ ஆ சி, நீ நீ ஊ சி.

நீ நீ ம சி-யை அடித்தால், அதுவே சரியாக இருந்தால் மூன்றாவது ஊகத்தில் முடிந்துவிடும். 2 கறுப்பு வந்தால் ப நீ சி சி, நான்காவதில் முடியும். 3 கறுப்பு வந்தால் ஆரஞ்சா ஊதாவா என்று தெரியாது. ஒன்று நான்காவதில், இல்லையென்றால் ஐந்தாவதில்.

இன்னொரு வழி, ரகசியமாக இருக்க முடியாத நீ நீ ம ஆ. இதற்கு 3 கறுப்பு வந்தால் மஞ்சள், 2 கறுப்பு 1 வெள்ளை வந்தால் ஆரஞ்சு, வெறும் 2 கறுப்பு வந்தால் ஊதா, 1 கறுப்பு மட்டும் வந்தால் ப நீ சி சி. நான்கு ரகசியத்துக்கும் நான்கு துப்பு, நான்காவது ஊகத்தில் நிச்சயம் முடியும்.

கூட்டிப் பாருங்கள். முதல் வழியில் 3 + 4 + 4 + 5 = 16, இரண்டாவதில் 4 + 4 + 4 + 4 = 16. சராசரி ஒன்றுதான்! அதனால் பதில் ஆட்டத்தின் நிலவரத்தைப் பொறுத்தது. எதிராளி நான்கில் முடித்திருந்து, சமன் செய்தால் போதும் என்றால் நீ நீ ம ஆ. எதிராளி மூன்றில் முடித்துவிட்டார் என்றால் உங்களுக்கு நீ நீ ம சி போல ஒன்றை அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அடிப்பதென்றாலும் எதை அடிக்கிறோம் என்பது முக்கியம். ப நீ சி சி-யை அடித்தால் மற்ற மூன்றுக்கும் ஒரே துப்பு, 2 கறுப்பு. தவறினால் ஒன்றும் கற்றுக்கொள்ள மாட்டீர்கள், மூன்றும் அப்படியே நிற்கும். ஒரே மாதிரி இருக்கும் கும்பலில் ஒன்றை எடுங்கள், தனியாக நிற்பதை எடுக்காதீர்கள்.

இந்த ஆட்டத்தில் நீ நீ ம ஆ வைத்தோம், 2 கறுப்பு 1 வெள்ளை வந்தது. நான்காவது ஊகம் நீ நீ ஆ சி, நான்கு கறுப்பு.

முதல் துப்பு ஒரே ஒரு கறுப்பு. இன்னும் 256 மிச்சமாம். இதற்கு யார் பட்டியல் போடுவது?

போடாதீர்கள். சி சி நீ நீ-க்குத் துப்பே இல்லாமல் போவது, ஒரு கறுப்பு மட்டும் வருவது, ஒரு வெள்ளை மட்டும் வருவது, மூன்றுமே 256 தான். மூன்றும் சேர்ந்து 768, அதாவது ஐந்தில் மூன்று ஆட்டங்கள் ஏறக்குறைய இப்படித்தான் தொடங்கும். அதனால் இதற்கு ஒரு பழக்கம் வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு கறுப்பு என்றால் அதன் பொருள்: முதல் இரண்டு இடத்தில் ஒரு சிவப்பு, அல்லது கடைசி இரண்டு இடத்தில் ஒரு நீலம். நான்கு சாத்தியம், ஒவ்வொன்றிலும் 64. மற்ற மூன்று இடமும் புது நிறங்கள். நான் வைப்பது சி ப ம ம. பழையதில் ஒன்றை அதே இடத்தில் நிறுத்தி, மீதி இடங்களில் இரண்டு புது நிறங்களைக் கொண்டுவருகிறோம், ஒன்றை ஒரு முறை, இன்னொன்றை இரண்டு முறை. இது முதல் துப்போடும் ஒத்துப்போகிறது, அதனால் வெல்லும் வாய்ப்பும் கையில் இருக்கிறது. பச்சையையும் மஞ்சளையும் சமமாக வைக்காததால், வரும் துப்பை எந்த நிறம் தந்தது என்று ஊகிப்பது எளிதாகும்.

மிச்சம் இருபதுக்குக் கீழே வந்த பிறகு அமைப்புகளாகப் பிரித்து எழுதுங்கள். அதற்கு முன்னால் இந்தப் பழக்கம் போதும்.

ஒன்றுமே வரவில்லை என்றால் அது கெட்ட துப்பா?

இல்லை. பிள்ளைகள் முகம் வாடிவிடும், ஆனால் இரண்டு நிறம் முழுவதுமாக ஒழிந்துவிட்டது. 4 × 4 × 4 × 4 = 256 மிச்சம், ஒரு கறுப்பு வந்தாலும் அதே எண்ணிக்கைதான். கூடவே ஒரு லாபம்: இனிமேல் சிவப்பும் நீலமும் வெற்றுக் குச்சிகள். எந்த இடத்தைச் சோதிக்க வேண்டாமோ அந்த இடத்தில் அவற்றைச் செருகிவிடலாம், துப்பு குழம்பாது.

எந்த ரகசியத்தையும் எத்தனை ஊகத்துக்குள் நிச்சயம் முடிக்கலாம்?

ஐந்து. கணினி அறிவியலாளர் டொனால்ட் கனூத் 1977-இல் இதை நிறுவினார். சி சி நீ நீ போன்ற ஊகத்தில் தொடங்கி, ஒவ்வொரு தடவையும் மிகப் பெரிய கூட்டம் எதில் மிகச் சிறியதாக இருக்கிறதோ அந்த ஊகத்தை எடுப்பதுதான் அவர் முறை. சமமாக வந்தால், ரகசியமாக இருக்கக்கூடிய ஒன்றுக்கு முன்னுரிமை. மேலே பதினாறை வைத்துச் செய்தது அதே கணக்குதான்.

பெரிய கூட்டத்தைக் குறைப்பதும் சராசரியைக் குறைப்பதும் ஒன்றல்ல. 1993-இல் கோயாமா, லாய் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சராசரியை எவ்வளவு குறைக்க முடியும் என்று கணக்கிட்டார்கள்: ஏறக்குறைய 4.34 ஊகங்கள். அந்தச் சராசரியை எட்டச் சில சமயம் ஆறாவது ஊகம் வரை போக வேண்டியிருக்கும். கையால் ஆடுபவர்கள் ஐந்து, ஆறுக்குள் முடித்தால் நன்றாக ஆடுகிறார்கள் என்று அர்த்தம்.

எல்லாத் துப்பையும் பார்த்தால் எதுவுமே ஒத்துப்போகவில்லை. நான் எங்கே தவறினேன்?

முதலில் உங்கள் பட்டியலைச் சரிபாருங்கள். அது சரியென்றால், ரகசியம் வைத்தவர் ஏதோ ஒரு துப்பைத் தவறாகக் கொடுத்திருக்கிறார். சில தவறு உடனே தெரியும். மூன்று கறுப்பு ஒரு வெள்ளை என்று வந்தால் அது நடக்கவே முடியாது: மூன்று இடம் சரியாகிவிட்டால் நான்காவது நிறத்துக்கு மிஞ்சுவது அதன் சொந்த இடம்தான்.

மற்ற தவறுகள் ஒளிந்துகொள்ளும். மேலே சொன்ன ஆட்டத்தில் முதல் ஊகத்துக்கு மூன்று வெள்ளைக்குப் பதில் இரண்டு வெள்ளை கொடுத்திருந்தால்? இரண்டு நீலத்தை ஒன்றாக எண்ணிவிட்டால் அப்படித்தான் ஆகும். அடுத்த ஊகத்துக்குச் சரியான துப்பே கொடுத்தாலும், நீ நீ ப ம போன்ற வரிசைகள் இரண்டு துப்போடும் ஒத்துப்போகும். உங்களுக்குச் சந்தேகமே வராது. இரண்டு, மூன்று ஊகம் கழித்துத்தான் முட்டுச்சந்து வரும். அதனால் எங்கள் மேசையில் ஒரு விதி: ஒரே நிறம் இரண்டு முறை வரும் ஊகத்துக்கு, துப்புக் குச்சியைச் செருகும் முன் ரகசியம் வைத்தவர் இரண்டு வழியிலும் எண்ண வேண்டும். மேலே சொன்ன சிறிய எண் வழியோடு ஒத்துப்போனால்தான் குச்சி ஏறும்.

எம்ஆர்டியில் போகும்போது பலகை இல்லாமல் ஆடலாமா?

தாராளமாக. நிறத்துக்குப் பதில் 1 முதல் 6 வரை எண்கள், ஒரு தாள், ஒரு பேனா. கறுப்புக்கு நிரப்பிய புள்ளி, வெள்ளைக்கு வெற்று வட்டம். ரகசியத்தை மட்டும் தாளின் மறுபக்கம் எழுதி மடித்துவிட வேண்டும். மனதில் வைத்துக்கொண்டால் நடுவழியில் மறந்துவிடும், துப்பும் தவறிப்போகும். மொர்டெகாய் மெய்ரோவிட்ஸ் 1970-இல் பலகையாக வடிவமைப்பதற்கு முன்பே, எண்களை வைத்து இதே போன்ற ஆட்டம் தாளில் ஆடப்பட்டு வந்தது.

நிறம் திரும்ப வராது என்ற விதியில் ஆடினால்?

ரகசியங்கள் 6 × 5 × 4 × 3 = 360 ஆகக் குறையும். சிறு பிள்ளைகளுக்கு அதிலிருந்து தொடங்கலாம். ஆனால் ஒன்றை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்: ரகசியத்தில் நிறம் திரும்பக்கூடாது, சரி, ஊகத்தில் திரும்பலாமா? திரும்பலாம் என்றால், ஒரே நிறத்தை இரண்டு இடத்தில் வைத்துச் சோதிக்கும் வசதி கிடைக்கும். கூடாது என்றால், ஊகத்தில் எப்போதும் நான்கு நிறங்கள் இருக்கும், வெளியே இருப்பது இரண்டே நிறம். அந்த இரண்டும் ரகசியத்தில் இருந்தாலும் மற்ற இரண்டு உங்கள் ஊகத்தில் இருந்தே தீரும். அதனால் கறுப்பும் வெள்ளையும் சேர்ந்து ஒவ்வொரு தடவையும் இரண்டுக்குக் குறையாது. குறைந்தால் எண்ணியதில் பிழை.